இவ்வளவு பெரிய ஆள் இந்த வேலைக்கு ஏன்?

"உங்க அனுபவத்துக்கு இது ரொம்பச் சின்ன வேலை சார். பொருத்தமா ஏதாவது வந்தா நாங்களே கூப்பிடறோம்." முன்பு வகித்த பதவியைவிடக் கீழான வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் பலர் இதைக் கேட்டிருப்பார்கள். மரியாதையாகச் சொல்லப்படுவதால் அந்த இடத்தில் மறுத்துப் பேச வாய் வராது. வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் கேட்கும்: வேலை தெரியாது என்று தள்ளினால் நியாயம், வேலை அதிகம் தெரியும் என்று தள்ளுவது என்ன நியாயம்?

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ லண்டன் நகரக் காவல்துறையில் சேர ராபர்ட் ஜோர்டன் என்பவர் 1996-இல் எழுத்துத் தேர்வு எழுதினார். 33 மதிப்பெண் எடுத்தார். ஆனாலும் நேர்காணலுக்கு அவரை அழைக்கவில்லை. 20 முதல் 27 வரை எடுத்தவர்களை மட்டுமே கூப்பிடுவது அந்தத் துறையின் வழக்கம். அதற்கு மேல் எடுப்பவர்களுக்குக் காவல் வேலை சீக்கிரம் சலித்துவிடும், செலவு செய்து பயிற்சி கொடுத்த பிறகு விட்டுப் போய்விடுவார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். ஜோர்டன் நீதிமன்றத்துக்குப் போனார். 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகரத்தின் பக்கமே நின்றது. ஆட்கள் விட்டுப் போவதைக் குறைக்க ஒரு நிர்வாகம் இப்படி வடிகட்டலாம் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

விண்ணப்பிக்கிறவர் இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காவல்துறைக்கு ஜோர்டனின் மூளை மேல் புகார் இல்லை. அவர் நிலைக்க மாட்டார் என்ற பயம்தான். அந்தப் பயம் சரியா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவருக்குப் பதில் சொல்லும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. நம் ஊர்த் தனியார் நிறுவனங்களில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். கேள்வியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அதனால் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒருவரை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். இவர் கற்பனை மனிதர்தான், ஆனால் இவரைப் போன்றவர்கள் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வயது 46. ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பிளான்ட் மேனேஜர். மொத்தம் 23 வருட அனுபவம். முதல் 9 வருடம் குவாலிட்டி, அடுத்த 8 வருடம் புரொடக்ஷன், கடைசி 6 வருடம் இந்தப் பதவி. சம்பளம் வருடத்துக்கு 16 லட்சம் சிடிசி. மனைவி கோவையில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. சனிக்கிழமை இரவு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி ஓசூருக்கு வரும் வாழ்க்கை. கோவையில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று சீனியர் குவாலிட்டி இன்ஜினியர் தேடுகிறது. 8 முதல் 12 வருட அனுபவம் போதும், சம்பளம் 9 லட்சம் வரை. நம்மவர் அந்த வேலைக்குப் போக விரும்புகிறார்.

பயப்படுகிறவர் ஒருவர் அல்ல, மூவர்

இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் அந்த நிறுவனத்தில் மூன்று பேர் யோசிப்பார்கள். மூவரின் கவலையும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லித் தோற்கிறார்கள்.

முதல் ஆள் எச்.ஆர். அவருடைய கவலை ஆள் நிலைப்பாரா என்பது. ஆறு மாதத்தில் இவர் போய்விட்டால் மறுபடி விளம்பரம், மறுபடி நேர்காணல், அதற்கு மேல் "இவரை யார் எடுத்தது?" என்ற கேள்வி. இரண்டாவது ஆள் முதலாளி அல்லது நிதியைப் பார்க்கிறவர். 16 லட்சம் வாங்கியவர் 9 லட்சத்தில் எத்தனை நாள் சந்தோஷமாக இருப்பார், வருடக் கடைசியில் சம்பள உயர்வு கேட்டு நெருக்குவாரா, அங்கே ஏதாவது பிரச்சினையாகி வெளியே அனுப்பப்பட்டவரா என்று அவர் யோசிக்கிறார். மூன்றாவது ஆள்தான் முக்கியமானவர், நம்மவர் யாருக்குக் கீழே வேலை செய்யப்போகிறாரோ அந்த குவாலிட்டி ஹெட். அவருக்கு 36 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னைவிடப் பத்து வயது மூத்தவர், தன்னைவிடப் பெரிய பதவியில் இருந்தவர், தனக்குக் கீழே வரப்போகிறார். சொன்னால் கேட்பாரா? மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மடக்குவாரா? ஒரு வருடத்தில் தன் நாற்காலிக்கே வந்துவிடுவாரா? இதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். "டீமுக்கு செட் ஆக மாட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

எச்.ஆரையும் முதலாளியையும் சம்மதிக்க வைத்தவர்கள்கூட மூன்றாவது ஆளிடம் தோற்பது உண்டு. அவருக்கான பதிலை யோசித்துக்கொண்டு போகாததே அதற்குக் காரணம்.

மறைத்தால் என்ன?

நண்பர்கள் சொல்லும் முதல் யோசனை, "பயோடேட்டாவில் பிளான்ட் மேனேஜர் என்று போடாதே, சீனியர் இன்ஜினியர் என்று போட்டுவிடு." வேண்டாம் என்பேன். நாணயம் ஒரு பக்கம் இருக்கட்டும், இது நிற்காது. வேலையில் சேரும்போது பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டரையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கேட்பார்கள், அதில் பதவி அச்சாகியிருக்கும். வருங்கால வைப்பு நிதிக்காக யூஏஎன் எண்ணைக் கொடுத்து, முந்தைய வேலை விவரத்தோடு படிவம் 11 நிரப்ப வேண்டும். அந்த யூஏஎன் கணக்கில் எந்தெந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தோம் என்பது வரிசையாகக் கிடக்கிறது. பொய் வெளிவர அதிக நாள் ஆகாது. அதற்குள் பழைய வேலையை ராஜினாமா செய்திருப்பீர்கள்.

படிப்பை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி ஒடிசாவில் பியூன் பணிக்கு ஆள் எடுத்தபோது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், பட்டதாரியாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தது. பட்டம் பெற்றிருந்த அனித் குமார் தாஸ் அதைச் சொல்லாமல் விண்ணப்பித்துத் தேர்வானார். உண்மை தெரிந்ததும் வங்கி அவரைச் சேர்க்க மறுத்தது. ஒடிசா உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகச் சொன்னாலும், 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எந்தத் தகுதி வேண்டும் என்று வைப்பது வேலை கொடுப்பவரின் முடிவு, முக்கியமான உண்மையை மறைத்தவர் வேலையை உரிமையாகக் கேட்க முடியாது என்றது.

ஆனால் மறைப்பது வேறு, எதை முன்னால் வைப்பது என்பது வேறு. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். கேட்காத விருதுகளையும் முன்னூறு பேரை நிர்வகித்த பெருமையையும் முதல் பக்கத்தில் கொட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. நம்மவரின் பழைய பயோடேட்டா இப்படித் தொடங்குகிறது: "பல்துறைத் தலைமை அனுபவம், லாப நட்டப் பொறுப்பு, மூன்று ஆலை விரிவாக்கங்கள்." பம்ப் கம்பெனி எச்.ஆர். முதல் வரியிலேயே ஒதுக்கிவிடுவார். புதியதில் முதல் வரியே "சீனியர் குவாலிட்டி இன்ஜினியர் பணிக்கு" என்று இருக்க வேண்டும். அதன் கீழே அந்த 9 வருடம் விரிவாக வரட்டும்: வார்ப்புகளின் வரவுச் சோதனை, கேஜ்களின் கேலிபரேஷன், வாடிக்கையாளர் புகாருக்கு 8டி ரிப்போர்ட், சப்ளையர் ஆடிட். புரொடக்ஷன் மூன்று வரி. பிளான்ட் மேனேஜர் பதவி உண்மையான பெயரோடும் தேதியோடும் இரண்டு வரி. எம்.பி.ஏ. கடைசியில். எதுவும் பொய்யில்லை, ஆனால் படிக்கிறவர் தன் வேலைக்கு வேண்டிய ஆளை முதலில் பார்க்கிறார், மேனேஜரைப் பிறகு பார்க்கிறார்.

இன்னொரு விஷயம். நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுகிறவர்கள் அனுபவ வருடத்தையும் சம்பளத்தையும் வடிகட்டியாகப் போட்டுத் தேடுவார்கள். "8 முதல் 12 வருடம், 10 லட்சத்துக்குள்" என்று போட்டால் 23 வருடமும் 16 லட்சமும் உள்ள ஆளின் பெயர் திரையிலேயே வராது. அங்கே நூறு விண்ணப்பம் போட்டு பதில் இல்லையே என்று மனம் உடைந்து பயனில்லை. இந்த மாதிரி வேலைக்குத் தெரிந்தவர் மூலம் போவதுதான் வழி. அந்த கம்பெனிக்கு வார்ப்பு கொடுக்கும் ஃபவுண்டரிக்காரர், கேஜ் கேலிபரேஷன் செய்யும் லேப்காரர், பழைய சகா என யாராவது ஒருவர், "இவர் குடும்பத்துக்காகக் கோவைக்கே வரப் பார்க்கிறார்" என்று ஒரு வார்த்தை சொன்னால், சந்தேகத்தில் பாதி நேர்காணலுக்கு முன்பே போய்விடும்.

கடிதத்திலேயே சொல்லிவிடுவது

கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களை நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள். ஆகவே விஷயத்தை விண்ணப்பக் கடிதத்திலேயே போட்டுவிட வேண்டும். நம்மவர் எழுதியது இவ்வளவுதான்:

"இப்போது பிளான்ட் மேனேஜராக இருக்கிறேன். நீங்கள் தேடும் பணி அதைவிட இரண்டு படி கீழே என்பது தெரிந்தே விண்ணப்பிக்கிறேன். மனைவி கோவையில் ஆசிரியை, பிள்ளைகள் இங்கே பள்ளியில் படிக்கிறார்கள். இனி கோவையில்தான் வேலை பார்ப்பது என்று குடும்பமாக முடிவு செய்திருக்கிறோம். வேலைக்கு வந்த முதல் ஒன்பது வருடமும் குவாலிட்டியில் இருந்தேன், மறுபடி அதே வேலையைச் செய்ய விரும்புகிறேன். இந்தப் பணிக்கான சம்பள வரம்பு தெரியும், அதற்குள் சம்மதம். நேரில் பேச வாய்ப்பளித்தால் மற்றதைச் சொல்கிறேன்."

இதில் மன்றாட்டு இல்லை, தற்பெருமையும் இல்லை. "எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்" என்பதும் இல்லை. அந்த வாக்கியத்தை மட்டும் எங்கும் எழுதாதீர்கள், சொல்லாதீர்கள். எந்த வேலையும் செய்பவர் எந்த வேலையையும் விட்டுப் போவார் என்றுதான் எதிரில் இருப்பவர் கணக்குப் போடுவார்.

காரணம் எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "எனக்கு அமைதி வேண்டும்", "டென்ஷன் குறைவான வேலை தேடுகிறேன்" என்பவை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இரண்டும் இந்த வேலையைக் கேவலப்படுத்துகின்றன. ஷிப்டில் மூன்று லாட் நிராகரித்துவிட்டு புரொடக்ஷன்காரரோடு மல்லுக்கு நிற்கிற குவாலிட்டி ஹெட், தன் வேலை டென்ஷன் இல்லாத வேலை என்று கேட்டால் எப்படி இருக்கும்? நல்ல காரணத்துக்கு இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று, அது அடுத்த சில வருடத்துக்கு மாறாதது. மனைவியின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, சொந்த வீடு, பார்த்துக்கொள்ள வேண்டிய பெற்றோர் ஆகியவை அப்படிப்பட்டவை. இரண்டு, அது இந்த வேலையையே விரும்பிக் கேட்பதாக இருக்க வேண்டும். நம்மவருக்கு இரண்டும் இருக்கிறது.

நேர்காணல் அறையில்

எச்.ஆர். மேடம் சுற்றி வளைத்துத்தான் கேட்பார். "எங்க கம்பெனியில எத்தனை வருஷம் இருப்பீங்க சார்?" ஆயுள் முழுக்க என்று சொன்னால் நம்ப மாட்டார், யாரும் நம்பமாட்டார்கள். நம்மவர் சொல்ல வேண்டியது: "பொண்ணு ஒன்பதாவது, பையன் ஆறாவது மேடம். பையன் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் நாங்க கோவையை விட்டு நகரப் போறதில்லை. அதுக்கு இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல இருக்கு. அதுக்கப்புறமும் ஊர் மாறுற எண்ணம் இல்லை." எச்.ஆர். தன் குறிப்பில் எழுதிக்கொள்ள ஒரு வரி கிடைத்துவிட்டது. மூன்று மாத நோட்டீஸ் காலத்துக்குச் சம்மதம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் நிலைப்பதற்கு உத்தரவாதமாக அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுத்துவைக்காதீர்கள். சில இடங்களில் கேட்கிறார்கள். பிரதி கொடுத்தால் போதும், அசலைக் கேட்கிற இடத்தில் வேலை பார்ப்பது பற்றி நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்தது சம்பளம். இதற்குப் பேச்சில் பதில் கிடையாது, கணக்கில்தான் இருக்கிறது, அதை வீட்டிலேயே எழுதிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். 16 லட்சத்தில் நம்மவர் கைக்கு மாதம் 1,05,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 9 லட்சத்தில் சுமார் 62,000. குறைவு 43,000. பார்க்கிறவருக்கு இது பெரிய பள்ளம்தான். ஆனால் ஓசூரில் தனிக்குடித்தனம் நிற்கிறது: வாடகை 13,000, சாப்பாடும் மின்சாரமும் 9,000, வாராவாரம் ஊருக்குப் போய்வர 6,000. இந்த 28,000 மிச்சம். மீதி 15,000. கார் கடன் தவணை 16,000 போன மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஆக இன்றைய செலவு எதையும் குறைக்காமல் குடும்பம் ஓடும்.

இத்தனையையும் முதலாளியிடம் ஒப்பிக்கத் தேவையில்லை. "ரெண்டு வீடு நடத்தினேன் சார், அது ஒண்ணாகுது. கார் லோனும் முடிஞ்சுது. கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன், இந்தச் சம்பளத்துல குடும்பம் ஓடும்." இவ்வளவு போதும். கணக்குப் போட்டவரின் குரலில் தயக்கம் இருக்காது, அதை எதிரில் இருப்பவர் கண்டுகொள்வார். கணக்கு உதைத்தால், அதாவது மாதம் இருபதாயிரம் துண்டு விழும் என்று காகிதம் சொன்னால், அந்த வேலைக்குப் போகாதீர்கள். அப்போது முதலாளியின் பயம் சரியானது. ஒரு வருடத்தில் நீங்கள் உண்மையிலேயே வேறு வேலை தேடுவீர்கள்.

"நீங்க குடுக்கறதைக் குடுங்க சார்" என்பதும் தப்பு. வரம்பு 9 என்றால் 9 என்றே கேளுங்கள். இறங்கி வருகிறவர் என்று தெரிந்ததும் 6 லட்சம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து வருட அனுபவம் உள்ள வேறொருவருக்கு என்ன கொடுப்பார்களோ அதற்குக் கீழே போகத் தேவையில்லை. இன்னொரு பக்கம், சம்பளத்தில் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக "டெசிக்னேஷன் மட்டும் மேனேஜர்னு போட்டுக் குடுங்க" என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கோரிக்கை, அதுவரை பேசிய அத்தனையையும் கவிழ்த்துவிடும். பதவி போனதில் வருத்தம் இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அங்கே ஏதாவது பிரச்சினையா என்ற சந்தேகத்துக்குக் கடைசி இரண்டு வருட அப்ரைசல் கடிதம் பதில் சொல்லும். "ஆஃபர் கையில் வந்த பிறகு என் இப்போதைய டைரக்டரிடமே நீங்கள் பேசலாம்" என்று தானாகவே சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அங்கே முடியும்.

இனி குவாலிட்டி ஹெட். அவர் நேராகக் கேட்க மாட்டார். "எங்க டீம்ல எல்லாரும் சின்னப் பசங்க சார், உங்களுக்குப் பழகுமா?" என்பார். பழகும் சார், வயசு ஒரு விஷயமே இல்லை என்று சொல்லி நழுவுவது வீண். அவர் கேட்பது பசங்களைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றி. நம்மவரின் பதில் இப்படி இருந்தால் எடுபடும்: "குவாலிட்டியில முடிவு உங்களோடது சார். எனக்கு வேற மாதிரித் தோணினா உங்க ரூம்ல வந்து சொல்வேன், லைன்ல நின்னுட்டுச் சொல்ல மாட்டேன். நீங்க முடிவு பண்ணினதுக்கப்புறம் அதைத்தான் செய்வேன். நான் மேனேஜரா இருக்கும்போது எனக்குக் கீழ இருந்தவங்ககிட்ட எதிர்பார்த்ததும் அதுதான்." கூடவே, மறுபடி ஆட்களை நிர்வகிக்கும் பதவி தனக்கு வேண்டாம் என்பதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். "அடுத்து இந்தப் பதவி காலியானால் எனக்கு ஆசையில்லை" என்று வெளிப்படையாகச் சொல்வது அநாகரிகமாகத் தோன்றும், ஆனால் "ஆறு வருஷம் ஆள் பிரச்சினையும் அட்டென்டன்ஸும் பார்த்துட்டேன் சார், மறுபடி பார்ட்டும் டிராயிங்கும் பார்க்கணும்" என்றால் அவருக்குப் புரிந்துவிடும்.

ஹெட்டுக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கும், அது நியாயமானது. ஆறு வருடமாகக் கையெழுத்துப் போட்டவருக்குக் கை வேலை மறந்திருக்காதா? அனுபவம் இருக்கிறது என்று சொல்லி இதைத் தீர்க்க முடியாது. நல்ல ஹெட் பேச்சை நிறுத்திவிட்டு உங்களை ஷாப்ஃப்ளோருக்குக் கூட்டிப்போவார். ஒரு பம்ப் கேசிங்கை மேஜையில் வைத்து, டிராயிங்கையும் டயல் போர் கேஜையும் கொடுத்து, இந்தத் துளையைப் பாருங்கள் என்பார். டிராயிங்கில் 110 மில்லிமீட்டர், எச்7 என்றிருக்கும். அந்த அளவுக்கு எச்7 என்றால் 110.000 முதல் 110.035 வரை இருக்கலாம், 35 மைக்ரான் இடம். கையில் பழக்கம் உள்ளவர் முதலில் கேஜைத் துளையில் விட மாட்டார். ரிங் கேஜ் எங்கே என்று கேட்டு, அதில் வைத்து டயலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். துளையைத் துணியால் துடைப்பார். கேஜை உள்ளே விட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி, முள் எங்கே திரும்புகிறது என்று பார்த்து, அந்தக் குறைந்தபட்ச அளவைப் படிப்பார். பிறகு தொண்ணூறு பாகை திருப்பி இன்னொரு அளவு எடுப்பார், துளை வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமா என்று தெரியவேண்டும். பூஜ்யம் செய்யாமல் நேராக உள்ளே விட்டு ஒரு எண்ணைச் சொன்னவருக்குப் பேச்சு எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஆகவே நேர்காணலுக்கு முந்தைய வாரம் நம்மவர் செய்ய வேண்டிய காரியம், தன் தொழிற்சாலையிலேயே குவாலிட்டி அறைக்குப் போய் அங்கிருக்கும் பையனோடு நின்று ஒரு லாட்டைத் தானே அளப்பது. ஒரு 8டி ரிப்போர்ட்டை யாரிடமும் கொடுக்காமல் தானே எழுதிப் பார்ப்பது. கணக்குத் துறையில் இறங்கி வருகிறவர் டேலியில் உட்கார்ந்து ஒரு மாத ஜிஎஸ்டி கணக்கைத் தானே முடித்துப் பார்க்கட்டும். மென்பொருள் துறையில் டெலிவரி மேனேஜராக இருந்துவிட்டு டெவலப்பர் வேலைக்கு வருகிறவர் ஒரு சிறு செயலியைத் தானே எழுதி முடிக்கட்டும். "நாலு நாளைக்கு முன்னாடி நானே செஞ்சேன் சார்" என்று சொல்ல முடிந்தவருக்கு இந்தச் சந்தேகம் தடையாக இருக்காது.

காரணம் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னது விரும்பி இறங்குகிறவரின் கதை. வேலை பறிபோனதால் இறங்குகிறவருக்கு நிலைமை இதைவிடக் கடினம். 2023-இல் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தபோது இப்படித் திண்டாடியவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் குடும்பம், ஊர் என்ற காரணம் இல்லாமல் இருக்கலாம். இல்லாத காரணத்தை இட்டுக்கட்டச் சொல்ல மாட்டேன், இரண்டு கேள்வியில் அது உடைந்துவிடும். "ஆட்குறைப்பில் என் பிரிவையே மூடினார்கள்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்து, இரண்டு படி இறங்காமல் ஒரு படி மட்டும் இறங்கும் வேலையைத் தேடுங்கள், வித்தியாசம் சிறிதானால் பயமும் சிறிதாகும். அல்லது ஆறு மாதம், ஒரு வருடம் என்று முடிவுத் தேதி உள்ள ஒப்பந்த வேலையாகக் கேளுங்கள். அங்கே நிலைப்பீர்களா என்ற கேள்வி எழாது, சீக்கிரம் வேலையைத் தொடங்கக்கூடிய அனுபவசாலிக்கு அங்கே மதிப்பும் உண்டு. நல்ல வேலை வந்ததும் போய்விடலாம் என்ற எண்ணத்தோடு நிரந்தர வேலையில் சேர்ந்து மூன்றாம் மாதம் ராஜினாமா கொடுப்பவர், தனக்குப் பின்னால் அதே கதவைத் தட்டப்போகிற பத்துப் பேருக்கும் சேர்த்துக் கதவை மூடிவிட்டுப் போகிறார்.

எத்தனை தெளிவாகப் பதில் சொன்னாலும் சில இடங்களில் எடுக்க மாட்டார்கள். இளம் ஹெட்டுக்குத் தன் பதவியே ஆட்டம் காண்கிற நேரமாக இருக்கலாம், அப்போது எந்த மூத்தவரும் அவருக்கு ஆபத்துதான். அறிகுறி தெரியும்: வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் வராது, "ஏன் விடறீங்க?" என்பது மட்டும் மூன்று விதமாக வரும், ஷாப்ஃப்ளோருக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். அங்கிருந்து நன்றி சொல்லிவிட்டு அடுத்த கம்பெனியைப் பார்க்க வேண்டியதுதான். மாறாக, கேஜைக் கையில் கொடுத்தார்கள் என்றால், சேரும் தேதியைக் கேட்டார்கள் என்றால், உங்கள் பதில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வேலையில் சேர்ந்த பிறகும் முதல் மூன்று மாதம் இதே கேள்வி உங்களைச் சுற்றிக்கொண்டே இருக்கும். "எங்க பழைய கம்பெனியில இப்படித்தான் பண்ணுவோம்" என்பதை அந்த மூன்று மாதமும் வாயில் எடுக்காமல் இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆள் எடுக்கும் நாற்காலியில் இருப்பவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. பெரிய பதவியில் இருந்த ஒருவர் உங்கள் சின்ன வேலைக்கு விண்ணப்பித்தால், "கூப்பிடறோம்" என்று அனுப்பிவிடாதீர்கள். எத்தனை வருடம் இருப்பீர்கள், இந்தச் சம்பளம் போதுமா, என் கீழே வேலை செய்வீர்களா என்று மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லி அனுப்புங்கள்.